அணைவு: ‘காம்ப்ளெக்ஸ்’ என்ற சொல்லும் நிறம் மாறும் கரைசலும்

சென்னையில் ‘காம்ப்ளெக்ஸ்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது கடைகள் நிறைந்த கட்டடம், அடுத்தது தாழ்வு மனப்பான்மை. வேதியியல் ஆய்வகத்தில் அதே சொல்லுக்குத் தமிழ்ப் பாடநூல்கள் தரும் பெயர் ‘அணைவு’. சிக்கல், கலவை என்றெல்லாம் பெயர்த்திருந்தால் பொருள் கெட்டிருக்கும். ஆங்கிலச் சொல்லின் வேரான லத்தீன் ‘காம்ப்ளெக்ஸஸ்’ தழுவலைக் குறிக்கும். அணைத்தல் என்பதும் அதுதான் (விளக்கை அணைப்பதை இங்கே மறந்துவிடலாம்). நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றி நின்று தழுவும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள். இதுதான் அணைவு.

தழுவி நிற்பவற்றின் பெயர் ‘லிகண்ட்’. லத்தீனில் ‘லிகாரே’ என்றால் கட்டுதல். தமிழில் ‘ஈனி’ என்கிறோம். ஈனுதல் தருவதைக் குறிப்பதால், எலக்ட்ரான் இணையைத் தருவது ஈனி. கட்டும் செயலை மட்டும் சொல்லும் லத்தீனைவிட, எப்படிக் கட்டுகிறது என்றும் சொல்லும் தமிழ்ச் சொல் ஒரு படி மேல் என்பது என் கருத்து.

மயில்துத்தத்தை நீரில் கரைத்தால் வரும் வெளிர் நீலம், தாமிர அயனியைத் தண்ணீர் தழுவி நிற்பதன் நிறம். தண்ணீரும் ஓர் ஈனிதான், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 100 மில்லி கரைசலில் 2.5 கிராம் மயில்துத்தம் இருந்தால் செறிவு 0.1 மோலார். அதில் 2 மில்லியைச் சோதனைக்குழாயில் எடுத்து, 2 மோலார் அம்மோனியாக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்குங்கள். முதலில் வெளிர் நீலக் கூழ் போன்ற வீழ்படிவு வரும். அம்மோனியா நீரோடு சேர்ந்து தரும் ஹைட்ராக்சைடு செய்யும் வேலை அது, அணைவு இன்னும் உருவாகவில்லை. தொடர்ந்து விட்டால் வீழ்படிவு கரைந்து, மை போன்ற கருநீலம் வரும்.

[Cu(H₂O)₆]²⁺ + 4NH₃ ⇌ [Cu(NH₃)₄(H₂O)₂]²⁺ + 4H₂O

கணக்குப்படி இந்த 2 மில்லிக்கு 0.4 மில்லி அம்மோனியா, அதாவது ஏறக்குறைய எட்டுத் துளி போதும். நடைமுறையில் இன்னும் சற்று வேண்டும். வெயில் காலத்தில் மூடி சரியாக மூடாத பாட்டிலிலிருந்து அம்மோனியா வாயு தப்பிவிடும். எத்தனை துளி விட்டும் வீழ்படிவிலேயே நின்றால் முதலில் பாட்டிலைச் சந்தேகியுங்கள்.

இப்போது நீர்த்த கந்தக அமிலத்தைத் துளிகளாக விட்டால் வெளிர் நீலம் திரும்பும். அமிலம் தாமிரத்தைத் தொடுவதில்லை. தனித்திருக்கும் அம்மோனியாவைப் பிடித்து அம்மோனியம் அயனியாக்குகிறது. குறைந்ததை ஈடுசெய்ய அணைவிலிருந்து அம்மோனியா கழன்று வர, அந்த இடத்தில் தண்ணீர் வந்து சேர்கிறது. சமநிலை இடப்பக்கம் நகர்வது என்பது இதுதான். லீ சாட்லியர் தத்துவம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

குளோரைடு இவ்வளவு இறுக்கமாகத் தழுவாது. அதே மயில்துத்தக் கரைசலில் சமையல் உப்பை நிறையப் போட்டால் பச்சை தட்டும். நீரணைவின் நீலமும் குளோரைடு அணைவுகளின் மஞ்சளும் சேர்ந்த நிறம் அது, இரண்டுமே குழாயில் இருக்கின்றன. தண்ணீரை ஊற்றினால் மீண்டும் நீலம்.

கோபால்ட்டில் இது இன்னும் அழகு. கோபால்ட் குளோரைடு நீரில் இளஞ்சிவப்பு. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் புகை உறிஞ்சும் அறைக்குள் வைத்துச் சேர்த்தால் ஊதாவாகி, பிறகு நீலமாகும்.

[Co(H₂O)₆]²⁺ + 4Cl⁻ ⇌ [CoCl₄]²⁻ + 6H₂O

வலப்பக்க வினை வெப்பத்தை உறிஞ்சும். ஆகவே ஊதாவில் நிறுத்திய குழாயை வெந்நீரில் வைத்தால் நீலம், பனிக்கட்டியில் வைத்தால் இளஞ்சிவப்பு. இங்கேதான் சென்னையில் சறுக்கும். குளிர்நாட்டுக் குறிப்பில் 20 டிகிரிக்கு ஊதா என்று சொல்லும் அளவை மே மாதத்தில் 35 டிகிரி அறையில் அப்படியே எடுத்தால், கரைசல் நீலப்பக்கம் சாய்ந்திருக்கும், வெந்நீரில் வைத்தாலும் பெரிதாக மாற்றம் தெரியாது. அமிலத்தைக் குறைக்கவேண்டும், அல்லது ஊதா வரும்வரை சில துளி நீர் சேர்க்கவேண்டும்.

கோபால்ட்டில் அம்மோனியாவை விட்டால் கதை வேறு. நீல வீழ்படிவு வந்து, மிகுதியான அம்மோனியாவில் கரைந்து வைக்கோல் நிறமாகும். குழாயைத் திறந்து வைத்தால் மெல்லப் பழுப்பேறும். காற்றிலுள்ள ஆக்சிஜன் கோபால்ட்டை +2-லிருந்து +3 ஆக்கிவிட்டது. மாறியது ஈனி அல்ல, உலோகமே. இந்தப் பழுப்பு, அமிலம் விட்டாலும் பழைய இளஞ்சிவப்புக்கு எளிதில் திரும்பாது. இதைச் சமநிலை நகர்வு என்று பதிவேட்டில் எழுதுவது பிழை. கோபால்ட் உப்பு நஞ்சு என்பதால் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேர்த்துவையுங்கள்.