அட்டிகை பில்லில் கல்லுக்கும் தங்க விலையா?

11 வருடமாக நகைக்கடையில் பில் போடுகிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் "சேதாரம் எத்தனை பர்சன்ட்?" என்றுதான் கேட்பார்கள். எந்த எடைக்குச் சேதாரம் போடுகிறீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கல் வைத்த நகை வாங்கும்போது அந்த இரண்டாவது கேள்வியில்தான் நிறையப் பணம் போகிறது.

போன மாதம் ஒரு அக்கா வந்தார். மகளுக்கு அட்டிகை பார்க்கிறார். வேறொரு கடையில் வாங்கி வந்த எஸ்டிமேட் சீட்டு கையில் இருந்தது. "தம்பி, நீங்க 16 சொல்றீங்க, அங்க 14தான் போட்டுக் குடுத்திருக்காங்க" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். எடை 24 கிராம், சேதாரம் 14 சதவீதம், கல் விலை 4,500 ரூபாய் என்று இருந்தது. நகையின் டேக்கையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அதில் மொத்த எடை 24.000 என்றும், கீழே கல் 12 காரட் என்றும் இருந்தது. "12 காரட்னா மட்டத் தங்கமா தம்பி?" என்று பயந்து கேட்டார். இல்லை. தங்கத்தில் காரட் என்றால் தரம், 22 காரட் என்றால் 916. கல்லில் காரட் என்றால் எடை. ஒரு காரட் 0.2 கிராம், அதனால் 12 காரட் கல் என்றால் 2.4 கிராம். ஆக அந்த அட்டிகையில் தங்கம் 21.6 கிராம்தான். இதைத்தான் நிகர எடை என்கிறோம். முத்து, கருகமணி, உள்ளே அடைத்த அரக்கு எல்லாவற்றையும் இதே போலக் கழிக்க வேண்டும்.

கணக்கு சுலபமாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சீட்டில் 24 கிராமுக்கு 14 சதவீதம், அதாவது 3.36 கிராம் சேதாரம் சேர்த்து, 27.36 கிராமுக்கு 2,73,600 ரூபாய் போட்டிருந்தார்கள். கல் விலை 4,500, ஜிஎஸ்டி 3 சதவீதம், மொத்தம் 2,86,443. கல்லைத் தங்க விலைக்கு விற்று, அதற்குச் சேதாரமும் வாங்கி, கல் விலை என்று தனியாகவும் வாங்குகிறார்கள். நான் சொன்ன 16 சதவீதத்தை நிகர எடைக்குப் போட்டால் 21.6 கிராமோடு 3.456 கிராம் சேரும், 2,50,560 ரூபாய். கல்லும் வரியும் சேர்த்து 2,62,712. சதவீதம் கூடுதல், ஆனால் விலை 23,700 ரூபாய்க்கு மேல் குறைவு.

சேதாரம் என்பது ஆசாரி பட்டறையில் ராவும்போதும் பற்றவைக்கும்போதும் போகிற தங்கத்துக்காக வந்தது. கல்லை யாரும் ராவுவதில்லை, அதற்குச் சேதாரம் கேட்க நியாயமே கிடையாது. தங்கத்துக்குமே இன்று பட்டறையில் உண்மையில் வீணாவது பில்லில் போடுவதைவிட மிகக் குறைவு, பொடியைத் திரும்ப எடுத்து உருக்கிவிடுகிறார்கள். அதனால் சேதாரத்துக்குள் கூலியும் கடை லாபமும் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டே பேரம் பேசலாம்.

'செய்கூலி இல்லை' என்கிற போர்டும் அப்படித்தான். 18 சதவீதச் சேதாரம், செய்கூலி இல்லை என்று ஒரு கடை. 12 சதவீதச் சேதாரம், கிராமுக்கு 600 ரூபாய் செய்கூலி என்று இன்னொரு கடை. கிராம் 10,000 விற்கும் அன்று இரண்டும் ஒன்றுதான், கிராமுக்கு 1,800 ரூபாய். அதே தங்கம் 12,000 ஆனால் முதல் கடையில் 2,160, இரண்டாவதில் 2,040. சேதாரம் தங்க விலையோடு ஏறும், ரூபாயில் பேசிய கூலி ஏறாது. அதனால் கடைக்குக் கடை சதவீதத்தை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். சேதாரம், செய்கூலி இரண்டையும் சேர்த்துத் தங்கத்துக்கு மேல் கிராமுக்கு எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். சேல்ஸ்மேன் கால்குலேட்டரில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இந்தப் பணம் திரும்பி வராது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். நாளைக்கு அந்த அட்டிகையை மாற்றப் போனால் கல்லைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும்தான் விலை போடுவார்கள், சேதாரமும் செய்கூலியும் அங்கே கணக்கிலேயே வராது.

ஹால்மார்க் நகைக்குப் போடும் பில்லில் நிகர எடையும் தரமும் தனியாக எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. அக்காவிடம் இதைச் சொல்லி, டேக் படத்தைக் காட்டி நிகர எடைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். அன்று மாலையே போன் செய்தார். அதே அட்டிகை, அதே 14 சதவீதம், எடை மட்டும் 21.600 என்று மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் கணக்குப்படி 2,58,262 ரூபாய். எங்கள் கடைக்கு வியாபாரம் போனது உண்மைதான், ஆனால் அந்த விலைக்கு அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா என்றுதான் சொன்னேன்.