வரிக்கான புரொவிஷன் ரிசர்வில் போய் உட்கார்ந்தால்

மார்ச் கணக்கை முடிக்கும்போது டேலியில் Provision for Tax என்று ஒரு லெட்ஜர் திறப்பார்கள். அதை எந்த குரூப்பின் கீழ் வைப்பது என்ற இடத்தில்தான் பல சிறு கம்பெனிகளில் கணக்கு தடம் மாறுகிறது. Provisions என்ற குரூப் Current Liabilities-க்குள் இருக்கிறது. Reserves & Surplus என்ற குரூப் Capital Account-க்குள் இருக்கிறது. முதலாவது வெளியாருக்குக் கொடுக்க வேண்டிய பணம். இரண்டாவது பங்குதாரர்களுடைய பணம். இரண்டுமே லாபத்திலிருந்து எடுத்து வைப்பதுதானே என்று நினைத்து மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலை, பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் 40 லட்சம். வரிக்குரிய வருமானமும் அதே 40 லட்சம்தான் என்று கொள்வோம். கம்பெனி 22 சதவீத வரித் திட்டத்தில் இருந்தால் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.168 சதவீதம் வரும். வரி ரூ.10,06,720. இந்தத் தொகை லாபநஷ்டக் கணக்கில் செலவாகப் பற்று வைக்கப்பட வேண்டும். அதன்பின் நிற்கும் ரூ.29,93,280தான் நிகர லாபம். போர்டு விரும்பினால் இதிலிருந்து 10 லட்சத்தை ஜெனரல் ரிசர்வுக்கு மாற்றலாம். மீதி ரூ.19,93,280 உபரியாக நிற்கும்.

புரொவிஷன் லாபத்தைக் கணக்கிடும் வழியிலேயே கழிகிறது; ரிசர்வ், கணக்கிட்டு முடித்த லாபத்தைப் பங்கு பிரிப்பது. அதனால் நஷ்டம் வந்த வருஷத்தில் ஜெனரல் ரிசர்வுக்கு மாற்ற ஒன்றும் இருக்காது. ஆனால் ஆட்களின் கிராஜுவிட்டிக்கும், திரும்பி வராது என்று தெரிகிற ஸ்டார்ச் பாக்கிக்கும் அந்த வருஷமும் புரொவிஷன் போட்டே ஆக வேண்டும். நஷ்டம் இன்னும் பெருகுமே என்று விட்டுவிட முடியாது. (பாக்கிக்குப் போடும் புரொவிஷனை வருமானவரியில் சாதாரண வியாபாரிக்குச் செலவாக ஏற்க மாட்டார்கள், பாக்கியைக் கணக்கிலிருந்தே தள்ளுபடி செய்த வருஷத்தில்தான் ஏற்பார்கள். வரிக் கணக்கீட்டில் இதைக் கூட்டிக்கொள்ள மறக்கக் கூடாது.)

இப்போது அந்த ரூ.10,06,720-ஐ ரிசர்வில் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நிகர லாபம் 40 லட்சம் என்று நிற்கும். அதைப் பார்த்து டைரக்டர்கள் 32 லட்சம் டிவிடெண்ட் பிரித்தால், வரி போக உண்மையில் இருக்கும் லாபத்தைவிட இரண்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் பிரிக்கிறார்கள். அந்தக் கூடுதல் பழைய வருஷங்களின் சேமிப்பிலிருந்துதான் போகும். சிசி லிமிட் புதுப்பிக்கும்போதும் இதே சிக்கல். நெட் வொர்த் பத்து லட்சம் கூடுதலாகவும், நடப்புக் கடன் அதே அளவு குறைவாகவும் தெரியும். வங்கி அதிகாரி கணக்கைத் திருத்தி அடுக்கியதும் கரன்ட் ரேஷியோ சரியும், லிமிட்டும் குறையலாம்.

தவறைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. லாபநஷ்டக் கணக்கின் அடிப்பகுதியில் வரிக்கு முந்தைய லாபம், வரி, வரிக்குப் பிந்தைய லாபம் என்று மூன்று தொகைகள் இருக்க வேண்டும். லாபம் இருந்தும் முதலும் கடைசியும் ஒரே தொகையாக இருந்தால், வரி பகிர்வுக்குள் ஒளிந்திருக்கிறது.

அட்வான்ஸ் டாக்ஸும் டிடிஎஸ்ஸும் சேர்த்து 8 லட்சம் ஏற்கனவே கட்டியிருந்தால், அதைக் கழித்து ரூ.2,06,720 மட்டும் பாக்கியாக நிற்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன் இதைக் கட்ட வேண்டும். வரி கடைசியில் ரூ.9,80,000 என்று தீர்ந்தால், மிச்சம் ரூ.26,720 லாபநஷ்டக் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். கூடுதலாக வந்தால் முந்தைய வருஷ வரி என்று அதே கணக்கில் செலவாகப் போகும். இரண்டிலும் ஜெனரல் ரிசர்வைத் தொடக் கூடாது. தேவைக்கு மேல் வைத்த புரொவிஷனை வருஷக்கணக்கில் திருப்பாமல் வைத்திருப்பதும் தவறுதான். கடன் என்ற பெயரில் லாபம் ஒளிந்திருக்கும்.

“ஜெனரல் ரிசர்வில்தான் பத்து லட்சம் இருக்கே, அதை எடுத்து வரியைக் கட்டிடலாமே, ஆடிட்டர் சார்?” என்று முதலாளிகள் கேட்பதுண்டு. அது வங்கியில் கிடக்கும் பணம் அல்ல. அந்தப் பத்து லட்சம் குடோனில் மாவு மூட்டையாகவோ, வியாபாரியிடம் பாக்கியாகவோ, புது பாய்லராகவோ மாறியிருக்கும். தனியாக முதலீடு செய்து வைத்தால்தான் எடுக்கப் பணம் இருக்கும். ஜெனரல் ரிசர்வுக்கு மாற்றுவது 2013 கம்பெனிச் சட்டத்தில் கட்டாயமும் இல்லை. வரிக்கோ, ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று தவணைத் தேதி உண்டு. அந்தத் தேதிகளுக்கு முன் வங்கிக் கணக்கில் பணம் நிற்க வேண்டும்.

தனி உரிமையாளர் கடைகளுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அங்கே வருமானவரி உரிமையாளரின் சொந்தச் செலவு. அதை டிராயிங்ஸில் எழுத வேண்டும். பார்ட்னர்ஷிப்பில் ஃபர்ம் கட்ட வேண்டிய வரி ஃபர்மின் கடன் என்பதால், கம்பெனியைப் போலவே புரொவிஷன் போட வேண்டும்.