தற்பவம்: வேற்றொலி தமிழெழுத்தில் அடங்கும் முறை

வடசொல்லொன்று தமிழெழுத்துக்கு ஏற்பத் திரிந்து வழங்கினால் அதற்குத் தற்பவம் என்று பெயர். தத் (அது), பவ (பிறந்தது) என்னும் இரண்டும் சேர்ந்த இச்சொல்லும் அவ்வாறு திரிந்ததே. தமிழில் 'திரிந்த வடசொல்' என்றால் போதும். சிலர் 'திரிசொல்' என்று எழுதுவது பொருந்தாது, ஏனெனில் அது செய்யுளில் வரும் வேறொரு சொல்வகைக்கு இலக்கணத்தார் இட்ட பெயர்.

தொல்காப்பியம் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்திய சொல்லையே வடசொல்லாக ஏற்றது. நன்னூல் இன்னும் நுட்பமாகச் சென்று, வடமொழியின் ஒவ்வொரு வல்லின வருக்கத்திலும் இடையில் நிற்கும் மூன்று எழுத்துகளும் முதலெழுத்தாகவே எழுதப்படும் என்றது. வலிமையைக் குறிப்பதும் கனியைக் குறிப்பதும் 'பலம்' என்றே ஆவது இதனால்தான். 'பங்கம்' என்பதில் வரும் ககரம் மெல்லெழுத்தின் பின் தானாகவே மெலிந்து ஒலிக்கிறது, ஆகவே மெலிந்த ஒலி தமிழர் வாய்க்குப் புதிதன்று. அதற்குத் தனியெழுத்து இல்லை என்பதே செய்தி. வல்லெழுத்தோடு மூச்சுச் சேர்ந்து வரும் மூச்சொலியோ தமிழில் அறவே இல்லை.

கிரந்த எழுத்தைச் சேர்த்தால் இக்குறை தீரும் என்பது பலருடைய எண்ணம். முழுக் கிரந்த வரிவடிவத்தில் எல்லா ஒலிகளுக்கும் எழுத்து உண்டு என்பது உண்மை. ஆனால் இன்று தமிழ் அச்சில் பரவலாக வழங்கும் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுள் மெலிந்த வல்லொலியைக் காட்டுவது ஜ ஒன்றே. விஷ்ணு சகஸ்ரநாமத்தின் முதலடியில் 'விஷ்ணு' என்பதற்கு இவை உதவுகின்றன, அதே அடியில் பின்னர் வரும் 'பூதபவ்யபவத்ப்ரபு' என்பதற்கு உதவுவதில்லை. அங்குள்ள ஐந்து பகரங்களுள் நான்கு மூச்சோடு மெலிந்து வருபவை என்பதைக் காட்ட 'பூ⁴தப⁴வ்யப⁴வத்ப்ரபு⁴' என்று எண்ணிட வேண்டும். எண் இடாத பகரம் முதலெழுத்து, 2, 3, 4 என்பவை வருக்கத்தில் அதனதன் இடம். இந்த எண்கள் படியெடுக்கையில் உதிர்ந்துபோவதும் அடிக்குறிப்பு எண்ணாக மயங்குவதும் உண்டு என்றாலும், ஓதுவதற்கான மந்திரப் பதிப்புக்கு இவையோ முழுக் கிரந்தமோ தேவை என்பதே என் கருத்து.

தமிழ் மறையாகவே போற்றப்படும் பாசுரத்தின் நிலை வேறு. திருவாய்மொழி 2.7-இல் நம்மாழ்வார் திருமாலின் பன்னிரு பெயர்களை வரிசையாகப் பாடும்போது விஷ்ணு விட்டு ஆகிறார், ஸ்ரீதரர் சிரீதரன், ஹ்ருஷீகேசர் இருடீகேசன், பத்மநாபர் பற்பநாபன். ஷகரம் டகரமாவதும், சொல்முதல் ஹகரம் கெடுவதும் வழக்கமான திரிபுகளே. இவற்றைத் 'திருத்தி' விஷ்ணு என்று அச்சிட்டால் யாப்பே உடையும். நான்காம் பாசுரம் 'விட்டுவே' என்று முடிய, ஐந்தாவது 'விட்டிலங்கு செஞ்சோதி' என்று தொடங்குகிறது. அந்த அந்தாதி நிற்பது டகரத்தின்மேல்.