இடம் கொடுத்தால் மடம் பிடுங்காதா? நாட்பட்ட வலிக்கும் மனச்சோர்வுக்கும் சில பயிற்சிகள்

"வலிக்கு இடம் கொடுங்கன்னு சொல்றீங்க. இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்காதா சார்?" என்று கேட்டார் அந்த அம்மா. வயது 46, தையல் வேலை, நான்கு வருட இடுப்பு வலி. அறுவை தேவையில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதமாக எதிலும் நாட்டமில்லை, தையல் மெஷின் மூடியே கிடக்கிறது. (அடையாளம் தெரியாதபடி, பலரின் அனுபவங்களைச் சேர்த்து எழுதுகிறேன்.)

ஏற்பு மற்றும் செயலுறுதிச் சிகிச்சை என்ற உளவியல் சிகிச்சையை, சுருக்கமாக ஆக்ட், நம் ஊரில் செய்யும்போது முதலில் இடறுவது இந்த 'ஏற்பு' என்ற சொல்தான். 'தலைவிதி, சகிச்சுக்கோ' என்றுதான் அது பலர் காதில் விழுகிறது. அதனால் நான் விளக்கத்தில் தொடங்குவதில்லை. ஒரு தாளைக் கொடுத்து, வலி போக இதுவரை செய்ததையெல்லாம் எழுதச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகள்: அன்றைக்கு எவ்வளவு நேரம் நிம்மதி கிடைத்தது? அதற்காக எதை விட்டீர்கள்?

அவர் தைலம், பெல்ட், மாத்திரை, படுத்தே இருப்பது என்று எழுதினார். விட்டவற்றில் தங்கை வீட்டுக் கல்யாணம், கோயில், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தையல் சொல்லிக் கொடுப்பது எல்லாம் வந்தன. கடைசி வரியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. "வலி போனப்புறம் போகலாம்னு இருந்தேன்" என்றார். மடத்தை ஏற்கெனவே பிடுங்கியது எது என்பது அந்தத் தாளிலேயே இருந்தது. இந்த இடத்தில் சிகிச்சையாளர் அறிவுரை சொல்லக் கூடாது. அவர் முயன்றதில் தவறில்லை. அந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் பேச்சு.

அடுத்தது எண்ணங்களோடு. 'நான் எல்லாருக்கும் பாரம்' என்பது அவரை விடாத வாக்கியம். அது பொய் என்று வாதாடினால் தோற்போம். மனம் நூறு சாட்சி கொண்டுவரும். அதற்குப் பதில் வாக்கியத்தின் வாலில் கொஞ்சம் சேர்க்கச் சொன்னேன்: "நான் எல்லாருக்கும் பாரம் என்று ஓர் எண்ணம் இப்போது வருகிறது." மெதுவாக, வாய்விட்டு, மூன்று முறை. தமிழில் அந்த 'என்று' பெரிய உதவி. அது வந்ததும் எண்ணத்துக்கும் ஆளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது.

மூன்றாவதுதான் மையம். "வலி இருக்கும்போதே செய்யத் தகுந்தது எது?" என்று கேட்டேன். தையல் சொல்லிக் கொடுப்பது என்றார். சரி, எவ்வளவு நேரம்? இதை ஊகிக்கக் கூடாது. வலி கூடத் தொடங்கும்வரை உட்கார முடிகிற நேரத்தை மூன்று நாள் குறித்தார்: 20, 13, 18 நிமிடங்கள். சராசரி 17. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ஏறக்குறைய 14 நிமிடத்தில் தொடங்கினோம். வலி குறைந்த நாளிலும் 14 ஆனதும் எழுந்துவிட வேண்டும். வலி கூடிய நாளில் ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும். நல்ல நாளில் இரண்டு மணி நேரம் தைத்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கிடப்பதுதான் அவரது பழைய சுழல். வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினோம். நோட்டில் எழுத வேண்டியது நிமிடக் கணக்கு மட்டும், வலியின் மதிப்பெண் வேண்டாம்.

மூன்றாம் வாரம் வந்து, "எல்லாம் செஞ்சேன், வலி குறையலையே" என்றார். பயிற்சி வழிதவறிப் போவதற்கு இதுதான் அடையாளம். வலியை விரட்டும் இன்னொரு தைலமாக இதையும் ஆக்கிக்கொண்டிருக்கிறார். அப்போது முதல் தாளை மறுபடி எடுத்து, அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துப் பார்ப்போம். இந்தச் சிகிச்சையில் அன்றாட இயக்கமும் மனநிலையும் மேம்படலாம். வலியின் அளவு அதே அளவுக்குக் குறையும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட நாட்பட்ட வலி வழிகாட்டுதலிலும் இந்தச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் மாத்திரையை இதற்காகத் தானாக நிறுத்தக் கூடாது.

சில நேரம் பயிற்சியை ஓரம் வைக்க வேண்டும். கால் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது, பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவது என்றால் அன்றே மருத்துவமனை. 'பாரம்' என்ற பேச்சு வந்தால் சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால் தனியே விடாமல், உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எந்நேரமும் எடுக்கும்.

எட்டாவது வாரம் அவர் நோட்டில் 25 நிமிடம் இருந்தது. வலி எப்படி என்று நான்தான் கேட்டேன். "இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் முதன்முதலாக வெட்டிய ஜாக்கெட் கையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தையல் கொஞ்சம் கோணல்.