தோழி ஜெயித்தால் அல்வா ஏன் தொண்டையில் நிற்கிறது?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர். அவரும் அறைத்தோழியும் ஆறு மாதம் ஒரே மேசையில் உட்கார்ந்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்குப் படித்திருக்கிறார்கள். முடிவு வந்தது. தோழிக்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை; இவருக்கு உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும். தேர்வு ஒன்றுதான், வினாத்தாளும் ஒன்றுதான், கட் ஆஃப் கோடுதான் வேறு வேறு. மேல் கோட்டைத் தாண்டினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, தாண்டாவிட்டால் ஒரு சான்றிதழ்.

"அவ அல்வா வாங்கிட்டு வந்தா. வாயில போட்டேன், இறங்கவே இல்ல. சந்தோஷமாவும் இருந்தது, வயிறும் எரிஞ்சது. மறுநாள் இன்டர்வியூவுக்குப் படிக்கணும், உன் புள்ளியியல் இயற்பியல் நோட்டைத் தாடின்னு கேட்டா. ஊர்ல வெச்சுட்டு வந்துட்டேன்னு சொல்லிட்டேன். நோட்டு என் பெட்டியிலதான் சார் இருக்கு. நான் கெட்டவளா?"

இல்லை. ஆனால் அந்த நோட்டு விஷயத்தை எளிதாக விட்டுவிட எனக்கு மனமில்லை. 1980-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ இதே காரியத்தை ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏபிரகாம் டெஸரும் ஜோனதன் ஸ்மித்தும் செய்த சோதனை அது. கல்லூரி மாணவர்களை நண்பனோடு வரச் சொன்னார்கள். ஒரு தடவைக்கு நான்கு பேர், அதாவது இரண்டு நட்பு ஜோடிகள். ஆட்டம் நாம் வீட்டில் விளையாடுகிற மாதிரிதான்: ஒருவர் துப்புக் கொடுக்க, மற்றவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். துப்புகள் முன்கூட்டியே எளிது, கடினம் என்று தரம் பிரித்த பட்டியலாகக் கையில் இருக்கும். எதைக் கொடுப்பது என்பது துப்புக் கொடுப்பவர் விருப்பம். எளிய துப்பு கொடுத்தால் உதவுகிறார், கடினமானதைக் கொடுத்தால் காலை வாருகிறார் என்று அளந்துவிடலாம். வாயைத் திறந்து 'எனக்குப் பொறாமை' என்று யாரும் ஒப்புக்கொள்ளத் தேவையே இல்லை. இந்தத் தந்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் ஆடியவரிடம், 'நீங்கள் சுமாராகத்தான் ஆடினீர்கள்' என்று சொல்லிவிடுவார்கள். பிறகு அவர் துப்புக் கொடுக்கும் முறை. ஒரு சாராரிடம் 'இது சும்மா விளையாட்டு' என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் முன்பின் தெரியாதவரைவிட நண்பனுக்கு எளிய துப்புகளைக் கொடுத்தார்கள். இன்னொரு சாராரிடம் 'இது மொழித்திறன் போன்ற முக்கியமான திறமைகளை அளக்கும் தேர்வு' என்று சொல்லியிருந்தார்கள். அங்கே கதை தலைகீழ். நண்பனுக்குத்தான் கடினமான துப்பு. அந்நியனுக்கு அதைவிட எளிது.

அந்நியன் ஜெயித்தால் பரவாயில்லை, நம்ம ஆள் ஜெயிக்கக் கூடாது! பெட்டிக்குள் இருக்கும் நோட்டும் ஒரு கடினமான துப்புதான்.

டெஸர் இதற்குச் சொன்ன விளக்கத்தில் மூன்று திருகாணிகள் இருக்கின்றன. மற்றவர் நமக்கு எவ்வளவு நெருக்கம், அவர் நம்மைவிட எவ்வளவு முந்தினார், முந்திய துறை நாம் 'இதுதான் நான்' என்று நினைத்திருக்கும் துறையா. கடைசித் திருகாணிதான் திசையை மாற்றுகிறது. அறைத்தோழி மாநில அளவில் கபடியில் ஜெயித்திருந்தால், நம் வாசகி ஹாஸ்டல் முழுக்க "என் ரூம்மேட்டாக்கும்" என்று சொல்லித் திரிந்திருப்பார்; நெருக்கம் கூடக்கூட அந்தப் பெருமையும் கூடும். அதே தோழி இயற்பியலில் முந்தியதும், அதே நெருக்கம் வலியைக் கூட்டுகிறது. இரண்டுக்கும் எரிபொருள் ஒன்றுதான். எங்கோ டெல்லியில் முதலிடம் பிடித்தவர்மேல் இவருக்குக் கடுகளவும் எரிச்சல் இல்லாததற்குக் காரணமும் இதுவே.

வலியைக் குறைக்க மனம் இந்தத் திருகாணிகளை நம்மைக் கேட்காமலே திருகுகிறது. 'ஆராய்ச்சியெல்லாம் எனக்கு எப்பவுமே பெரிசாப் பிடிக்காது' என்று தோன்ற ஆரம்பித்தால் அது துறையைத் திருகுவது. நோட்டை ஒளிப்பது, முந்திய தூரத்தைத் திருகுவது. நெருக்கத்தைத் திருகுவதையும் டெஸர் குழு அளந்திருக்கிறது. பொது அறிவுப் போட்டி ஒன்றில், தனக்கு முக்கியமான தலைப்பில் தன்னை வென்றவரிடமிருந்து ஆட்கள் சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வாசகியின் கடிதத்தில் நடுவே ஒரு வரி இருந்தது: 'இப்பல்லாம் மெஸ்ஸுக்கு அவளுக்கு முன்னாடியே போய் சாப்பிட்டு வந்துடறேன்.'

மூளைப் படங்களும் உண்டு. 2009-ல் ஜப்பானில் ஹிதேஹிகோ தகாஹாஷி குழு 19 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தன்னைப் போன்ற ஒருவர் தன் துறையில் முந்துவதாகப் படித்தபோது, மூளையின் முன்நடுப் பகுதியில் வலியோடும் முரண்பாட்டோடும் தொடர்புள்ள ஓரிடம் கூடுதலாக இயங்கியது. உடனே 'பொறாமைக்கான இடம் கிடைத்துவிட்டது' என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அந்த இடம் நூறு வேலைக்கு எட்டிப் பார்க்கிற இடம்.

சந்தோஷமும் எரிச்சலும் ஒரே நேரத்தில் எப்படி? மனம் ஒரு தராசு, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்றுதான் நெடுநாள் பலர் நினைத்தார்கள். ஜெஃப் லார்சனும் சக ஆய்வாளர்களும் இரண்டு பொத்தான்களைக் கொடுத்தார்கள்: நன்றாக இருந்தால் ஒன்றை அழுத்து, மோசமாக இருந்தால் மற்றதை அழுத்து. சூதாட்டத்தில் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் குறைவாக வென்றவர்கள் இரண்டையும் சேர்த்தே அழுத்தினார்கள். ஆக, அல்வாவை வாங்கியபோது வந்த சிரிப்பு நடிப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நம் ஊரில் இதை ஒப்புக்கொள்வது கஷ்டம். தோழியின் அம்மா ஹாஸ்டலுக்கே வந்து உப்பும் மிளகாயும் எடுத்து, ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று சுற்றிப் போட்டாராம். வாசகி பக்கத்திலேயே நின்றிருக்கிறார். கண்ணிலிருந்து எந்தக் கதிரும் கிளம்பி யாருடைய உதவித்தொகையையும் நிறுத்தாது. ஆனால் கொள்ளிக்கண் என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில், எரிகிறவர்கள் எரிவதை மறைக்கிறார்கள். மறைத்த எரிச்சல்தான் நோட்டை ஒளிக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உதவித்தொகைகளை இவ்வளவு குறுகலாக வைத்து, நாலு மதிப்பெண்ணில் இரண்டு தோழிகளைக் கோட்டின் இரு பக்கமும் நிறுத்துகிற அரசுக்கும் இதில் பங்கு உண்டு. அதற்கும் மிளகாய் சுற்றலாம்.

வாசகிக்கு நான் எழுதியது இவ்வளவுதான். எரிச்சலை நிறுத்த முயல வேண்டாம், அது உத்தரவு கேட்டு வருவதில்லை. கை செய்வதை நிறுத்தலாம். நோட்டைக் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு பொத்தானையும் தனித்தனி வாக்கியமாகச் சொல்லுங்கள்: 'உனக்குக் கிடைச்சது சந்தோஷம். எனக்குக் கிடைக்காதது வலிக்குது.' நடுவில் 'ஆனா' போடாதீர்கள். போட்டால் முதல் வாக்கியம் செத்துவிடும். அல்வா கொடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்றும் இல்லை, அன்று அவள் நாள். நோட்டு ஊரில் இருப்பதாகச் சொன்னது பொய் என்பதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. சொல்லிவிட்டாராம். தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாளாம்: "பார்ட்டிஷன் ஃபங்ஷன் பக்கத்தைக் காணோமே, கிழிச்சு வெச்சிருக்கியாடி?"

"அது சத்தியமா நான் இல்ல சார், கரையான்."