ஸ்குவாட் 120 கிலோவில் நின்றுவிட்டால்: நேர்கோடா, அலையா?

பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டைப் புதிதாகப் போட ஆரம்பித்தவருக்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் பாரில் இரண்டரை கிலோ ஏற்றினால் போதும், உடம்பு ஈடுகொடுத்துக்கொண்டே வரும். சில மாதங்களில் அது நின்றுவிடும். ஒருவருடைய மேக்ஸ், அதாவது ஒரே ஒரு ரெப், ஒரு தடவை மட்டும், தூக்கக்கூடிய உச்ச எடை, 120 கிலோவில் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். எடையையும் ரெப்பையும் எந்த ஒழுங்கில் மாற்றுவது என்ற கேள்வி அவருக்கு இப்போதுதான் வருகிறது.

பழைய வழி நேர்கோட்டு முறை. பன்னிரண்டு வாரம் என்றால், முதல் நான்கு வாரம் 75 முதல் 80 கிலோவில் தொடர்ந்து பத்து ரெப் ஒரு செட்டாக, இடையில் ஓய்வு விட்டு நான்கு செட். அடுத்த நான்கு வாரம் 90 முதல் 95 கிலோவில் ஐந்து ஐந்தாக ஐந்து செட். அப்புறம் மூன்று வாரம் 100 முதல் 105 கிலோவில் மூன்று ரெப் செட்டுகள். கடைசி வாரம் எடையைக் குறைத்து ஓய்வு கொடுத்துவிட்டு மேக்ஸ் சோதனை. முதலில் தசையை வளர்த்துக்கொள், பிறகு அந்தத் தசைக்குக் கனத்தைப் பழக்கு என்பதுதான் இதன் கணக்கு. வளர்ந்த தசை வேலை குறைந்தாலும் பல வாரம் அப்படியே நிற்கும் என்பதால் கணக்கில் தப்பில்லை.

சிக்கல் ஒன்பதாவது வாரத்தில் தெரியும். இரண்டு மாதமாக 95 கிலோவைத் தாண்டாத தோளில் திடீரென்று 102.5 வந்து உட்காரும்போது, ரேக்கிலிருந்து பின்னால் எடுத்து வைக்கும் இரண்டு அடியே அந்நியமாக இருக்கும். கீழே போய் எழும்பும்போது இடுப்பு முதலில் மேலே வரும், நெஞ்சு முன்னால் சாயும், பாதித் தூரத்துக்கு முதுகுதான் பாரைத் தூக்கும். கால் தசை பலவீனமாகிவிடவில்லை. கனத்தின் கீழ் வயிற்றை இறுக்கி, தசைகளை ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இயக்குவது ஒரு கைப்பழக்கம், அது துருப்பிடித்திருக்கிறது. கிடைக்கும் மூன்று வாரத்தில் பாதி, பழையதை மீட்பதிலேயே போய்விடும்.

அலை முறையில் இந்த மூன்று கட்டங்களும் ஒரே வாரத்துக்குள் வந்துவிடுகின்றன. திங்கட்கிழமை 82.5 கிலோவில் எட்டு ரெப்பாக நான்கு செட். புதன்கிழமை 90 கிலோவில் இரண்டே ரெப்பாக ஐந்து செட், ஆனால் மேலே வரும்போது முடிந்த வேகத்தில். வெள்ளிக்கிழமை 100 கிலோவில் மூன்று ரெப்பாக நான்கு செட். புதன் நாள் ஏமாற்று வேலை மாதிரி தெரியும். அது வேண்டுமென்றே அங்கே வைக்கப்பட்டது. திங்கள் போட்ட எட்டுகளின் தசைவலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அந்த நேரத்தில் கனத்தைப் போட்டால் தூக்கும் விதம்தான் கெடும்.

2002ல் ஆய்வாளர் மேத்யூ ரேயாவின் குழு, பயிற்சி உள்ள இருபது ஆண்களை இரண்டாகப் பிரித்து, மொத்த வேலையைச் சமமாக வைத்து 12 வாரம் ஒப்பிட்டது. காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் நேர்கோட்டுக் குழு சுமார் 26%, அலைக் குழு சுமார் 56% ஏறியது. அலை முறைக்காரர்கள் இதைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டார்கள். ஆள் எண்ணிக்கை குறைவு, அளந்தது ஸ்குவாட்டும் அல்ல. பின்னால் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2015 அலசலில் பெரிய வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. 2022ல் வந்த அலசல், வேலை சமமாக இருந்தால் பயிற்சி உள்ளவர்களுக்கு அலை முறை கொஞ்சம் மேல் என்றது. அந்தக் 'கொஞ்சம்'தான் எனக்கும் நம்பும்படி இருக்கிறது.

அலை முறையில் பலர் சறுக்கும் இடம் வேறு. மூன்று நாளும் எடை மாறுவதால் முன்னேறுவது போலவே இருக்கும், ஆனால் இரண்டு மாதம் கழித்தும் வெள்ளிக்கிழமை அதே 100 கிலோதான். ஒவ்வொரு நாளையும் போன வாரத்தின் அதே நாளோடு மட்டும் ஒப்பிட வேண்டும். வெள்ளியில் பன்னிரண்டு ரெப்பும் இடுப்பு முந்தாமல் முடிந்தால், அடுத்த வெள்ளி 102.5. முடியாவிட்டால் அதே எடை.

வெள்ளி வார்ம்-அப்பில் 80 கிலோவே வழக்கத்தைவிட மெதுவாக மேலே வந்தால், திங்களின் களைப்பு இன்னும் இறங்கவில்லை என்று பொருள். ஒரு வாரம் அப்படியென்றால் தூக்கமோ சாப்பாடோ காரணமாக இருக்கலாம். தொடர்ந்து இரண்டு வாரம் அப்படியே வந்தால் திங்களில் ஒரு செட்டை வெட்டுங்கள், வெள்ளியைத் தொடாதீர்கள்.