டாலர் பாக்கி பூஜ்யம், ரூபாய் பாக்கி 8,000: ஏற்றுமதிக் கணக்கில் எங்கே பிசகுகிறது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் பிப்ரவரி 10 அன்று 20,000 டாலருக்கு இன்வாய்ஸ் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய வீதம் டாலருக்கு 83.00 ரூபாய். விற்பனை 16,60,000 ரூபாய் என்று பதிவாகிறது. வாங்குபவர் பேரேட்டில் அதே தொகை பற்று. பணம் மே மாதம்தான் வரும். நடுவில் மார்ச் 31 வந்துவிடுகிறது.

ஆண்டு முடிவில் இந்தப் பாக்கியை அன்றைய வீதத்தில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரநிலை ஏஎஸ் 11-இன் விதி. மார்ச் 31 அன்று வீதம் 83.40 என்றால், 20,000 டாலரின் மதிப்பு 16,68,000 ரூபாய். வாங்குபவர் கணக்கில் 8,000 ரூபாய் பற்று வைத்து, நாணய மாற்று லாபக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். இந்த லாபம் கைக்கு வரவில்லையே என்று பலர் தயங்குவார்கள். வராவிட்டாலும் அது இந்த ஆண்டின் லாபம்தான். விற்பனைத் தொகையில் மட்டும் கை வைக்கக் கூடாது, அது 16,60,000 ஆகவே நிற்கும். 8,000-ஐ விற்பனையோடு சேர்த்துவிட்டால், ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய ஏற்றுமதியும் புத்தகத்து விற்பனையும் ஒத்துப்போகாமல் இன்னொரு தலைவலி.

மே 20 அன்று பணம் வருகிறது. வங்கி கொடுத்த வீதம் 83.10. 20,000 டாலருக்கு 16,62,000 ரூபாய். இப்போது எதோடு ஒப்பிடுவது? சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். கணக்காளர் பழைய இன்வாய்ஸை எடுத்துப் பார்ப்பார். 16,60,000-க்கு 16,62,000 வந்திருக்கிறது, ஆகவே 2,000 லாபம் என்று பதிந்துவிடுவார். ஆனால் பேரேட்டில் நிற்பது 16,68,000. அதோடு ஒப்பிட்டால் இந்த ஆண்டில் 6,000 ரூபாய் நஷ்டம். போன ஆண்டு 8,000 லாபம், இந்த ஆண்டு 6,000 நஷ்டம், இரண்டும் சேர்ந்து நிகரம் 2,000. இரண்டு ஆண்டுகளுக்கும் அவரவர் பங்கு சரியாகப் பிரிந்திருக்கிறது.

தவறாகப் பதிந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்த வாங்குபவர் பேரேட்டை டாலரிலும் ரூபாயிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாலர் பாக்கி பூஜ்யமாக இருக்கும், ரூபாயில் மட்டும் 8,000 தொங்கும். யாரும் தர வேண்டியிராத அந்தத் தொகை வருடக்கணக்கில் கடனாளிகள் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு நாள் வாராக்கடன் என்று தள்ளுபடி செய்வார்கள். அது வாராக்கடனே அல்ல.

இன்னொரு குழப்பம் வங்கிக் கட்டணம். வெளிநாட்டு வங்கி வழியில் 25 டாலர் பிடித்துக்கொண்டு 19,975 டாலர்தான் வந்து சேர்ந்தால், கணக்கில் வரவாவது 16,59,922.50 ரூபாய். குறைந்த 2,077.50 ரூபாயை மாற்று நஷ்டத்தில் தள்ளிவிடுகிறார்கள். வீதம் மாறியதால் குறைந்த தொகை அல்ல அது, வங்கிச் செலவு. சரியான பதிவு இப்படி இருக்கும்:

வங்கி, பற்று 16,59,922.50
வங்கிக் கட்டணம், பற்று 2,077.50
மாற்று நஷ்டம், பற்று 6,000.00
வாங்குபவர், வரவு 16,68,000.00

மார்ச் 31-க்கு எந்த வீதத்தை எடுப்பது? எஃப்பிஐஎல் நிறுவனம் வேலை நாட்களில் வெளியிடும் டாலர் குறிப்பு வீதத்தைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். 2024-இல் மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. 29-ஆம் தேதி புனித வெள்ளி. இப்படி வரும்போது கடைசியாக வெளியான வீதத்தை எடுத்து, அந்தத் தாளை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டால் ஆடிட்டர் கேள்வி கேட்க மாட்டார். ஷிப்பிங் பில்லில் இருக்கும் சுங்கத்துறை வீதத்தை ஆண்டு முடிவுக்கு எடுக்காதீர்கள். சுங்கத் தேவைக்காக அறிவிக்கப்படும் வீதம் அது. மார்ச் 31-இன் சந்தை நிலவரத்தைக் காட்டாது.

கடைசியாக, முன்பணம். அதே வாங்குபவர் அடுத்த ஆர்டருக்காக 5,000 டாலர் முன்கூட்டியே அனுப்பியிருந்தால், அதை மார்ச் 31 வீதத்தில் மறுமதிப்பீடு செய்யக் கூடாது. அதற்கு ஈடாக நாம் தரப்போவது பணமல்ல, சரக்கு. ஆகவே அது வந்த நாளின் வீதத்திலேயே நிற்கும். ஆனால் பாக்கியும் முன்பணமும் ஒரே பேரேட்டில் கிடந்தால், மென்பொருள் கழித்த நிகரம் 15,000 டாலரைத்தான் மறுமதிப்பிடும். பாக்கி முழுதுக்கும் வர வேண்டிய லாபம் குறைந்து நிற்கும். முன்பணத்துக்குத் தனிப் பேரேடு போட்டுவிட்டு மார்ச் 31 பதிவுக்குப் போங்கள்.